எழுபத்தைந்து ரூபாய்க் கல்லுக்கு எதிரே நூறு ரூபாய்க் கல்

தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஆச்சி மஞ்சப்பையிலிருந்து ஒரு தரைக்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். பட்டறைக்காரர் தன்னுடைய கல் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே எட்டிதழ்ப் பூ, அதே செங்காவி, அதே பச்சை.

"அந்தக் கல்லு எழுபத்தஞ்சு. ஒங்க கல்லு நூறு. ரெண்டும் ஆத்தங்குடிதானப்பா? எதுக்கு இருபத்தஞ்சு ரூவா கூட?"

"பதினஞ்சு ரூவா கொறச்சுக்கலாம் ஆச்சி" என்று சொல்ல வாயெடுத்தவரை நான் சும்மா பார்த்தேன். காரைக்குடியில் பத்துப் பதினைந்து சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். அந்தப் பட்டறையின் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. முந்தைய வாரம்தான் இருவரும் உட்கார்ந்து அந்தப் பதினைந்து ரூபாய் எங்கிருந்து போகும் என்று எழுதிப் பார்த்திருந்தோம். அவர் வாயை மூடிக்கொண்டார். தேநீர் வரட்டும் என்றார்.

அன்று எழுதிப் பார்த்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தொகைகளை வாசிக்கச் சுலபமாக இருக்கும்படி முழு எண்ணாக்கியிருக்கிறேன். பட்டறைக்குப் பட்டறை அவை மாறும், கணக்கின் போக்கு மாறாது.

முதலில் கல் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிட வேண்டும். விலையைப் பற்றிய பேச்சு முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது, அழுத்தும் இயந்திரமும் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டு, மணல், வண்ணப் பொடி கரைத்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவுவார்கள், அது குழம்பின் ஈரத்தை உறிஞ்சும். பிறகு ஈரக் கலவையை நிரப்பிக் கையால் அழுத்தி மட்டம் பார்ப்பார்கள். மறுநாள் இறுகியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும், சில நாள் அங்கேயே ஊறும், வெளியே வந்து காயும். கண்ணாடி தானாக விட்டுவிடும். கல்லின் மேலே தெரிகிற பளபளப்பு அந்தக் கண்ணாடியின் முகம்தான். மெழுகு பூசி வந்ததில்லை.

இதிலிருந்து வியாபாரத்துக்கு ஒரு விஷயம் தெரிகிறது. ஒரு ஆள் ஒரு நாளில் இத்தனை கல்தான் போட முடியும். இந்தப் பட்டறையில் ஓரடிக்கு ஓரடி பூக்கல் என்றால் ஒருவருக்கு 60. எட்டுப் பேர், மாதம் 21 நாள் வேலை, ஆக மாதத்துக்குச் சுமார் 10,000 சதுர அடி. ஓவர்டைம் பார்த்தால் 12,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆளும் வேண்டும், கண்ணாடியும் வேண்டும், தொட்டியில் இடமும் வேண்டும். கல் போடத் தெரிந்த ஆள் ஒரு மாதத்தில் உருவாகிவிட மாட்டார்.

இனி பணம். நூறு ரூபாய்க் கல்லில் சிமெண்டு, வெள்ளை சிமெண்டு, மணல், வண்ணம் 30 ரூபாய். கல் போடுகிறவர் கூலி 20. உடைசல், ஏற்றுக்கூலி, கண்ணாடித் தேய்மானம் 15. ஆக ஒரு கல் போட்டால் கையை விட்டுப் போவது 65, மிஞ்சுவது 35. மாதம் 10,000 அடி விற்றால் மூன்றரை லட்சம். கொட்டகை வாடகை, கரண்ட், கணக்கர், வண்டித் தவணை, முதலாளியின் வீட்டுச் செலவு என்று கல் போட்டாலும் போடாவிட்டாலும் ஆகிற செலவு இரண்டரை லட்சம். கடைசியில் நிற்பது 1 லட்சம்.

பதினைந்து ரூபாய் குறைத்தால் மிஞ்சுவது 35 இல்லை, 20. விலையில் 15 சதவீதம் போனதாகத்தான் கண்ணுக்குத் தெரியும், லாப இடத்தில் 43 சதவீதம் போய்விட்டது. பழைய மூன்றரை லட்சத்தை மீண்டும் பார்க்க 17,500 அடி விற்றாக வேண்டும். பட்டறையால் முடிவது 12,000. கைவேலைப் பொருளுக்குத் தள்ளுபடி எடுபடாமல் போவது இங்கேதான். குறைத்த விலைக்கு ஊரே திரண்டு வந்தாலும் போட்டுக் கொடுக்கக் கை கிடையாது. சோப்புக் கம்பெனிக்காரன் விலையைக் குறைத்தால் இயந்திரத்தை இன்னொரு ஷிப்ட் ஓட்டுவான். இங்கே ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அதே கணக்கை மறுபக்கமாகப் போட்டால் இன்னும் தெளிவாகும். பட்டறைக்காரருக்கு இதுதான் தூக்கம் கொடுத்தது. விலையைக் குறைத்து, பட்டறை நிறைய ஆர்டர் பிடித்து, 10,000 அடியும் விற்றால் மிஞ்சுவது 2 லட்சம். விலையைக் குறைக்காமல் அதே 2 லட்சம் மிஞ்ச எத்தனை அடி விற்க வேண்டும்? 2 லட்சத்தை 35-ஆல் வகுத்தால் 5,700 சொச்சம். அதாவது பத்து ஆர்டரில் நாலு ஆர்டர் எதிராளிக்குப் போனாலும் தள்ளுபடி கொடுத்த நிலைமைக்குக் கீழே இவர் போக மாட்டார். எதிராளி நாலு பேரை இழுத்துவிட்டானே என்று பதறுகிற பட்டறைக்காரர் எல்லோரும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இழப்பு அந்த எல்லைக்குப் பாதிகூட இருக்காது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் குறைந்தால் கல் போடுகிறவர்களுக்கு வேலை குறையும். கல் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள் வாரம் இரண்டு நாள் சும்மா இருக்க நேர்ந்தால் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள், இங்கே அவர்கள் வாங்கியிருக்கிற முன்பணத்தை அந்தப் பட்டறையே கட்டி எடுத்துக்கொள்ளும். அப்படிப் போனால் கையோடு தரமும் போகிறது. அதனால் மந்தமான வாரங்களில் அவர்களை எப்போதும் ஓடுகிற பார்டர் கல்லும், பூவில்லாத வெறுங்கல்லும் போட வைத்து அடுக்கிவிடச் சொன்னேன். சிமெண்டுப் பொருள் நாளானால் கெடாது, இறுகத்தான் செய்யும். பணம் கொஞ்ச நாள் கல்லாகக் கிடக்கும், உண்மைதான். இரண்டு மாதக் கூலிக்கு மேல் அப்படிக் கிடக்க விடக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு.

சரி, எதிராளி எப்படி எழுபத்தைந்துக்குக் கொடுக்கிறான்? அவனுக்கும் சிமெண்டு அதே விலைதான், கூலியும் அதேதான்.

'காப்பி' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இங்கே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிற டைல்ஸ். ஆத்தங்குடிப் பூவை அப்படியே படம் பிடித்து மேலே அச்சடித்தது. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதை வாங்குகிறவர் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற தரையைத் தேடி வந்தவர். பத்துக் கல்லைப் பரப்பிப் பார்த்தால் ஒரே பூ ஒரே மாதிரி பத்து முறை நிற்கும், கைக்கல்லில் கோடு இங்கே தடித்து அங்கே மெலிந்து ஓடும். அந்த வித்தியாசம் பிடித்தவர் வேறு ஆள், பிடிக்காதவர் வேறு ஆள். முன்னவரிடம் விலையைக் குறைக்கத் தேவையில்லை, பின்னவரிடம் குறைத்தும் பலனில்லை.

இரண்டாவது வகைதான் ஆளை அடிக்கிறது. அதே ஊர், அதே மணல், அதே அச்சு. உள்ளே மட்டும் கை வைத்திருப்பார்கள். ஆச்சி கொண்டுவந்தது அந்த வகை. பட்டறைக்காரர் தேநீர் குடித்து முடித்ததும் ஆச்சியிடம் அனுமதி கேட்டுவிட்டு இரண்டு கல்லையும் வாசலில் போட்டுச் சுத்தியலால் தட்டி உடைத்தார். உடைந்த விளிம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருடைய கல்லில் வண்ண அடுக்கு கண்ணுக்குத் தெரிகிற பட்டையாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இருந்தது. மற்றதில் பெயிண்ட் அடித்த மாதிரி ஒரு கோடுதான் இருந்தது. வெள்ளை சிமெண்டும் வண்ணமும்தான் கல்லில் விலை கூடிய சரக்கு. அதை மெலிதாக ஊற்றினால் ரூபாய் மிச்சம். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள நிலைப்படி ஓரத்தில் சில வருஷத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

அடுத்து ஈரத் துணி. வெள்ளைத் துணியை நனைத்து இரண்டு கல்லையும் அழுத்தித் துடைத்தார். ஆச்சி கொண்டுவந்த கல்லின் பச்சை துணியில் லேசாக ஏறியது. சிமெண்டு காரத்தன்மை உள்ளது. இரும்பு ஆக்சைடு, குரோமியம் ஆக்சைடு மாதிரியான தாதுப் பொடிகள் அந்தக் காரத்தைத் தாங்கும், மலிவுச் சாயப் பொடி தாங்காது. பொடியைச் சேர்ப்பதிலும் ஓர் அளவு உண்டு. சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் நிறம் கூடுவதில்லை, கல்தான் பலவீனமாகிறது. "நல்லா அடர்த்தியா இருக்கே" என்று ஆசைப்பட்டு வாங்குகிற கல்லில் சில நேரம் நடப்பது இதுதான்.

மூன்றாவது, தொட்டியில் ஊறிய நாள். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, காப்பி அடிக்கிறவன் முதலில் வெட்டுவதும் இதைத்தான். இரண்டு நாள் முன்னால் எடுத்தால் தொட்டி காலியாகும், சரக்கு சீக்கிரம் வண்டி ஏறும். தண்ணீர் போதாத சிமெண்டு முழுதாக இறுகாது. ஓரம் பொரியும், தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எத்தனை நேரத்தில் உள்ளே போகிறது என்று இரண்டிலும் பார்த்தால் ஓரளவு தெரியும், ஓரளவுதான்.

விலைச் சண்டையின் முடிச்சு இங்கே இருக்கிறது. நூறு ரூபாய்க் கல்லில் கூடுதலாக இருக்கிற எல்லாமே உள்ளே மறைந்திருக்கிறது. வாங்குகிற நாளில் இரண்டும் ஒரே கல். வித்தியாசம் தெரிவது ஐந்து வருஷம் கழித்து. அப்போது பில் எழுத முடியாது. கண்ணுக்குத் தெரியாத தரத்துக்கு எவரும் இருபத்தைந்து ரூபாய் தர மாட்டார்கள், அதில் ஆச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையைக் காப்பாற்றுவது என்றால் உள்ளே இருப்பதை வாங்குகிற நாளிலேயே வெளியே கொண்டுவருவதுதான்.

அன்றைய சுத்தியல் வேலையை அதன்பின் வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். மேஜைமேல் குறுக்கே அறுத்த கல் ஒன்று எப்போதும் கிடக்கும், வருகிறவர் விரல் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லின் முதுகிலும், ஈரமாக இருக்கும்போதே, பட்டறை முத்திரையும் போட்ட தேதியும் அழுத்திவிடுகிறார்கள். தேதிக்கு ஒரு தனிப் பயன் உண்டு. தொட்டிக்குள் போன நாள், வெளியே எடுத்த நாள் இரண்டும் நோட்டில் இருக்கும். வாங்குகிறவர் தன் கல்லின் முதுகுத் தேதியை அந்த நோட்டில் தேடிப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கலாம் என்று சொல்ல முடிவதே போதுமானதாக இருக்கிறது. இதற்கான செலவு ஒரு ரப்பர் அச்சும் ஒரு நீள நோட்டும்.

இன்னொன்று, கூடுதல் கல். வீட்டுத் தரையில் பத்து வருஷத்தில் நாலு கல்லாவது உடையும். அப்போது அதே நிறத்துக்கு எங்கே போவது? கைக்கலவையில் ஒரு நாள் சிவப்பு மறுநாள் சிவப்பாக அப்படியே வராது. ஆகவே 1,000 அடிக்கு மேல் வாங்குகிற வீட்டுக்கு அதே நாளில் போட்ட 12 கல்லைப் பழுதுக்கென்று சும்மா கொடுக்கிறார். அவருக்கு ஆகிற செலவு 12 முறை 65, அதாவது 780 ரூபாய். 1,200 அடி ஆர்டரில் பதினைந்து ரூபாய் குறைத்திருந்தால் போயிருப்பது 18,000. வாங்குகிறவர் மனதில் எது அதிகமாக நிற்கும் என்றால், என் அனுபவத்தில், அந்தப் பன்னிரண்டு கல்தான். தள்ளுபடியை மறுநாளே மறந்துவிடுவார்கள். அதைவிட மோசமானது, வாங்கியவர் மறந்தாலும் அவர் உறவு மறக்காது. செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த விலை அடுத்த கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கு எண்பத்தைந்து என்றால் அந்தக் கணமே எல்லோருக்கும் எண்பத்தைந்து. நூறு என்பது ஏமாந்தவர் கொடுத்த விலையாகிவிடும்.

இவ்வளவு காட்டிய பிறகும் ஆச்சியின் கையிருப்பு கூடிவிடவில்லை. வீட்டின் முகப்பு, வளவைச் சுற்றி, பட்டாலை சேர்த்து 1,200 அடி. பூக்கல்லாகவே போட்டால் 1,20,000. "ஒரு லச்சத்துக்கு மேல எடுத்து வைக்கல" என்றார். பதினைந்து ரூபாய் மறுபடியும் நாக்கு நுனிக்கு வருகிற நேரம் இது.

பட்டறைக்காரர் ஒரு தாளை எடுத்துத் தரையை வரைந்தார். பழைய வீடுகளைப் பார்த்தாலே தெரியும், எங்கும் பூவாக இருக்காது. ஓரத்தில் பார்டர், நடுவில் கம்பளம் விரித்த மாதிரி பூ, மீதியெல்லாம் ஒற்றை நிறம். அதையே போட்டார். பூக்கல் 400 அடி நூறு ரூபாய்க்கு, வெறுங்கல் 800 அடி எண்பதுக்கு. மொத்தம் 1,04,000. ஆச்சிக்குப் பதினாறாயிரம் மிச்சம், ஆனால் எந்தக் கல்லின் விலையும் குறையவில்லை.

இவர் பக்கம் என்ன ஆயிற்று என்பதுதான் அழகு. வெறுங்கல்லுக்கு அச்சு இல்லை, ஒரு ஆள் நாளுக்கு 100 போடுவார், கல்லுக்குக் கூலி 12, மொத்தம் கைவிட்டுப் போவது 50, மிஞ்சுவது 30. ஆக இந்த ஆர்டரில் 400 முறை 35, 800 முறை 30, சேர்த்து 38,000. முழுக்கப் பூவாகவே நூறுக்கு விற்றிருந்தால் 42,000, எண்பத்தைந்துக்கு விற்றிருந்தால் 24,000. நாள் கணக்கும் பாருங்கள். முழுப் பூவுக்கு 20 ஆள் நாள் ஆகும், இதற்கு 15-க்குள் முடியும். மிச்சமான ஐந்து நாளில் அடுத்த வீட்டுக் கல் போடலாம். மந்தமான வாரத்தில் அடுக்கி வைத்த வெறுங்கல்லும் இங்கே பணமாகிறது.

விலையைக் குறைக்கச் சொன்னால் பொருளில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுக் குறைப்பது, ஒன்றையும் எடுக்காமல் குறைக்காதிருப்பது. இவ்வளவுதான் நாங்கள் வைத்துக்கொண்ட விதி. எடுக்க என்னென்ன இருக்கிறது? பூ, நிறங்களின் எண்ணிக்கை, அவசரம், வண்டி. ஆறு நிறப் பூவை மூன்று நிறமாக்கலாம். இரண்டு மாதம் பொறுக்கிறவருக்கு மந்த வாரத்தில் போட்டுக் கொடுக்கலாம். வண்ண அடுக்கின் கனத்தையும் தொட்டி நாளையும் மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அதுவும் எழுபத்தைந்து ரூபாய்க் கல்தான், இருபத்தைந்து கூடச் சொல்லி விற்கிற வெட்கம் மட்டும் மிச்சம்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டறை வாசலில் நடப்பது. ஆனால் பாதி ஆர்டர்கள் வாசலுக்கே வருவதில்லை, மேஸ்திரியின் வாயில் முடிகின்றன. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். எந்தக் கல் வாங்குவது என்று மேஸ்திரியைக் கேட்பார். எழுபத்தைந்து ரூபாய்க்காரன் மேஸ்திரிக்கு அடிக்கு இத்தனை என்று கமிஷன் வைத்திருப்பான். போட்டிக்குக் கமிஷன் கூட்டினால் அதுவும் தள்ளுபடிதான், வாங்குகிறவருக்குக்கூடப் போய்ச் சேராத தள்ளுபடி.

பட்டறைக்காரர் பல நாள் யோசித்து வேறு வழி பிடித்தார். கல்லை விற்பதோடு பதித்துக் கொடுப்பதையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பதிக்கும் ஆட்கள், அவர்கள் கூலியைத் தனி வரியாகப் பில்லில் எழுதுகிறார். இதில் லாபம் பெரிதாக இல்லை. ஆனால் சிமெண்டுக் கல்லுக்கு வருகிற பழியில் பாதி பதிப்பதில்தான் வருகிறது. மேலே சிந்திய சிமெண்டுப் பாலை அப்போதே துடைக்காவிட்டால் கறையாகப் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினால் பளபளப்பு அத்தோடு போச்சு, ஆசிட் சிமெண்டையே தின்னும். அடியில் ஈரம் தங்கினால் அது மேலே ஏறும்போது சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு வந்து வெள்ளையாகப் பூக்கும். வீட்டுக்காரர் கண்ணுக்கு இவையெல்லாம் 'கல் சரியில்லை' என்றே தெரியும். நூறு ரூபாய்க் கல்லைப் பதிக்கத் தெரியாதவர் பதித்துப் பூத்துவிட்டால் எழுபத்தைந்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். பதிக்கும் ஆள் தன் ஆளாக இருந்தால், முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு எப்படித் துடைப்பது என்று வீட்டில் இருப்பவருக்குக் காட்டிவிட்டு வருவார். அடுத்த ஆர்டர் மேஸ்திரியிடமிருந்து வராது, அந்த வீட்டிலிருந்து வரும்.

சட்டம் உதவாதா என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். கொஞ்சம் உதவும், நினைக்கிற இடத்தில் உதவாது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட பதிவு காப்பது ஊரோடு ஒட்டிய பெயரை. வெளியூரில் விசைத்தறியில் நெய்ததைக் காரைக்குடி கண்டாங்கி என்று விற்பவனைத் தடுக்க அது ஒரு பிடி. அந்த உரிமை ஊரின் உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது, ஒருவருக்குச் சொந்தமாகாது. அதே ஊரில் அதே முறையில் போட்டு, தொட்டியில் இரண்டு நாள் மட்டும் திருடுகிற பக்கத்துப் பட்டறையை எந்தக் குறியீடும் தடுக்காது. பூ வடிவத்தையும் கட்டிப்போட முடியாது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிய வேண்டுமென்றால் அது புதிதாக இருக்க வேண்டும், பாட்டன் காலத்துப் பூ எப்படிப் புதிதாகும்? புதிதாக வரைந்ததைப் பதியலாம், 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. உண்மையில் ஒரு பட்டறைக்குச் சொந்தமாகக் கூடியது தன் பெயரும் முத்திரையும்தான். அதை வணிகக் குறியாகப் பதிந்து கல்லின் முதுகில் அழுத்தினால், அந்த முதுகைக் காப்பி அடிப்பவன் மேல் வழக்குப் போடலாம்.

இந்த இடத்தில் ஒரு கிளைச் செய்தி. ஆத்தங்குடிக் கல்லே கப்பலில் வந்த வெளிநாட்டுத் தரைக்கற்களைப் பார்த்து உள்ளூரில் செய்யத் தொடங்கியதுதான் என்பார்கள். ஆகவே காப்பி என்று யாரையாவது ரொம்பத் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்தக் காலத்து உள்ளூர்க்காரர்கள் வண்ண அடுக்கைத் திருடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

விலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தப்பாகும் நேரமும் உண்டு. எதிராளியின் கல் உண்மையிலேயே நம் கல் அளவுக்கு இருந்தால், அந்த இருபத்தைந்து ரூபாய்க்கு என்ன பெயர்? எனவே ஒரு நாள் பட்டறைக்காரரை ஒரு காரியம் செய்ய வைத்தேன். தன் கல் ஐந்து, ஊரில் வாங்கிய கல் ஐந்து, முதுகை மறைத்துக் கலந்து வைத்து, வெளியூர்க் கொத்தனார் ஒருவரிடம் தட்டி, நனைத்து, உடைத்துப் பிரிக்கச் சொன்னோம். பத்தில் எட்டு சரியாகப் பிரித்தார். தவறிய இரண்டில் ஒன்று எங்களுடைய கல். அந்தத் தேதியை நோட்டில் பார்த்தால் ஒரு அவசர ஆர்டருக்காகத் தொட்டியிலிருந்து முன்னாலேயே எடுத்த சரக்கு. பட்டறைக்காரர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

தப்பிப் போன ஆர்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். பெயர் வேண்டாம், எத்தனை அடி, கடைசியில் என்ன போட்டார்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் எழுதியபின் பார்த்தால் 'எழுபத்தைந்து ரூபாய்க்காரன் பிடுங்கியது' என்று அவர் நினைத்திருந்ததில் பாதிக்கும் மேல் அவனிடம் போகவில்லை. சிலர் மோர்பி டைல்ஸ், சிலர் கிரானைட், சிலர் வீட்டு வேலையையே தள்ளிப் போட்டிருந்தார்கள். அவர்களுக்காக விலையைக் குறைத்திருந்தால் யாரும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள். உள்ளூர்க் காப்பிக்குப் போனது மொத்தத்தில் பத்தில் ஒன்றரைப் பங்கு. முன்னால் போட்ட வகுத்தல் கணக்குப்படி நாலு பங்கு வரைக்கும் தாங்கலாம்.

ஆச்சி அன்று முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் போனார், 1,04,000 கணக்குக்கு. போகும்போது வாசலில் நின்று, "ரெண்டாங்கட்டுக்கும் மூந்நூறு அடி வேணும். அங்க வேலக்காரவுகதான் பொழங்குவாக. அதுக்கு அந்த எழுபத்தஞ்சு ரூவாக் கல்லே போதும்ல?" என்று கேட்டார்.

"போதும் ஆச்சி" என்றார் பட்டறைக்காரர். "வாங்குறப்ப முதுகப் பாத்து வாங்குங்க, தேதி இருந்தா நல்லது. தண்ணி தெளிச்சு ஒரு வாரம் வச்சிட்டு ஒட்டச் சொல்லுங்க."